நமுத்துப்போன வடையும் முறுக்கும் மறுபடி மொறுமொறுப்பாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்து வடை, பஜ்ஜி, சமோசா, முறுக்கு செய்து கொடுக்கிறேன். பலகாரம் போய்ச் சேர்ந்த மறுநாள் போன் வரும். "நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப நமுத்துப்போச்சு, என்ன பண்றது?" பத்தில் எட்டு போன் இதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே.

"காலையில மொறுமொறுன்னு இருந்த வடை சாயங்காலம் ஏன் சொதசொதன்னு ஆயிடுது?"

எண்ணெயிலிருந்து எடுத்த நேரத்தில் மேல்தோலில் ஈரம் மிகக் குறைவு. உள்ளே இருக்கும் உளுந்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈரமான இடத்துக்கும் காய்ந்த இடத்துக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லாததால் உள்ளே இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லத் தோலுக்கு வந்து சேர்கிறது. காய்ந்த தோல் கடித்தால் உடையும். ஈரம் ஏறிய தோல் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். இத்தனைக்கும் வடையின் மொத்த ஈரம் பெரிதாக மாறியிருக்காது, இடம்தான் மாறியிருக்கும்.

முறுக்கு, தட்டை, சீடை கதை வேறு. அவற்றின் உள்ளேயும் ஈரம் கிடையாது. டப்பாவைத் திறந்து மூடும்போது காற்றிலிருந்து வாங்கிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி மூடாமல் வைத்தால் போதும். ஈரம் உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்துத்தான் கீழே வரும் அத்தனை பதிலும்.

"அப்ப முறுக்கை எப்படி சரிபண்றது?"

இருப்பதிலேயே சுலபம் இதுதான். ஓவனை 110 டிகிரிக்குச் சூடாக்கி, முறுக்கை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டில் பரப்பி 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஏற்கெனவே முழுசாக வெந்து சிவந்த பண்டம், அதற்கு இன்னும் நிறம் வேண்டாம், ஈரம் போனால் போதும். அதனால் சூட்டை ஏற்ற வேண்டாம். 160, 170 என்று வைத்தால் எள்ளும் ஓமமும் கருகி ஒரு கசப்பு வந்துவிடும்.

ஓவன் இல்லையென்றால் கனமான வாணலியை மிதமாகச் சூடாக்கி, அடுப்பை முழுவதும் தணித்து, முறுக்கைப் போட்டு ஐந்தாறு நிமிடம் அவ்வப்போது புரட்டிவிடுங்கள். மூடி போடக் கூடாது. மூடினால் வெளியேறிய ஈரம் மூடியில் பட்டு மறுபடி உள்ளேயே சொட்டும்.

"நீங்க சொன்ன மாதிரியே வச்சேன் அக்கா, எடுத்துக் கடிச்சா இன்னும் மெத்துன்னுதான் இருக்கு."

ஆற விட்டீர்களா? சூடாக இருக்கும்போது எந்த மாவுத்தோலும் கொஞ்சம் வளையும். ஆறும்போதுதான் இறுகி, உடையும் பதத்துக்கு வரும். புதிதாகச் சுட்ட முறுக்கையே எண்ணெயிலிருந்து எடுத்த உடனே கடித்துப் பாருங்கள், அதுவும் அப்படித்தான் இருக்கும்.

முறுக்கை வெளியே எடுத்து, கம்பி வலையிலோ சல்லடையிலோ பரப்பி ஐந்து நிமிடம் விட்டுவிட்டு ஒன்றை ஒடியுங்கள். சத்தம் "டக்" என்று வர வேண்டும். வரவில்லையென்றால் இன்னும் நாலு நிமிடம். ஆறாமலேயே "போதவில்லை" என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போய்க் கருக்கியவர்கள்தான் அதிகம், நானும் ஒரு தீபாவளிக்கு ஒரு கிலோ ரிப்பன் பக்கோடாவை அப்படிக் கருக்கியிருக்கிறேன். முழுக்க ஆறின பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். கை சூடு இருக்கும்போதே மூடினால் செய்ததெல்லாம் வீண்.

"மெதுவடைக்கு ஓவன்ல எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம்?"

அன்றைக்குச் சுட்டு வெளியிலேயே இருந்த வடை என்றால் 180 டிகிரி, 6 முதல் 8 நிமிடம். ஓவனை முன்பே பத்து நிமிடம் சூடாக்கியிருக்க வேண்டும், மேல்கம்பி, கீழ்க்கம்பி இரண்டும் எரிய வேண்டும். குளிர்ந்த ஓவனில் வடையை வைத்துவிட்டு அப்புறம் சுவிட்சைப் போட்டால், சூடு ஏறும் பத்து நிமிடமும் வடை மெல்ல வெந்து உள்ளே வறண்டுபோகும், தோல் மட்டும் அப்படியே இருக்கும்.

தட்டில் நேராக வைக்காமல், ஓவனோடு வரும் கம்பி வலைமேல் வையுங்கள். தட்டில் வைத்தால் அடிப்பக்கத்திலிருந்து வரும் ஆவிக்குப் போக வழியில்லை, மேல் பாதி மொறுமொறு, கீழ்ப் பாதி சொதசொத என்று ஆகிவிடும். வலைக்குக் கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டால் வடியும் எண்ணெயை அது பிடித்துக்கொள்ளும். அலுமினிய ஃபாயிலில் பொட்டலம் கட்டி வைப்பவர்கள் உண்டு. அதற்கு இட்லிப் பானையிலேயே வைத்துவிடலாம்.

நகத்தால் தோலைத் தட்டிப் பாருங்கள். காய்ந்த தோல் சுரைக்குடுவை மாதிரி லேசாகச் சத்தம் கொடுக்கும், ஈரத்தோல் ஊமையாக இருக்கும். நிறம் ஒரு சுற்று கூடியிருந்தால் அதுவே அதிகம், உடனே எடுங்கள். சின்ன ஓவன்களில் குமிழில் எழுதியிருக்கும் டிகிரியும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் முதல் தடவை ஐந்தாவது நிமிடத்திலேயே எட்டிப் பார்த்துவிடுங்கள்.

"எங்க வீட்ல ஓவன் கிடையாது. தோசைக்கல்லு போதுமா?"

தாராளமாகப் போதும். மெதுவடைக்கும் மசால் வடைக்கும் நான் ஓவனைவிட இரும்புத் தோசைக்கல்லையே விரும்புகிறேன். கல்லை நடுத்தரத் தீயில் மூன்று நிமிடம் காயவிட்டு, பிறகு தணித்து, வடைகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம். ஒரு நிமிடத்தில் வடைக்குள் இருக்கும் எண்ணெயே கசிந்து கல்லில் பளபளக்கும், லேசாகச் சிடுசிடுக்கும். அந்தச் சிடுசிடுப்பு தோலில் ஏறிய தண்ணீர் ஆவியாகும் சத்தம். அது அடங்கியதும் திருப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று, நாலு நிமிடம் ஆகும்.

வடையின் ஓரம் கல்லில் படாது என்பதுதான் இதில் ஒரே குறை. கடைசியில் ஒவ்வொன்றையும் கல்லின் ஓரத்தில் சாய்த்து, சக்கரம் மாதிரி உருட்டிவிடுங்கள். மசால் வடை தட்டையாக, மேடும் பள்ளமுமாக இருப்பதால் அதற்கு இந்த வேலைகூட வேண்டாம். மறுசூட்டுக்கென்றே பிறந்த பலகாரம் அது.

நான்ஸ்டிக் கல்லிலும் செய்யலாம், ஆனால் வெறும் கல்லை அதிகம் காயவிடக் கூடாது, சூடும் அவ்வளவு நின்று பிடிக்காது. ஒரு தடவைக்கு நாலு வடைக்கு மேல் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மைக்ரோவேவ்ல ஒரு நிமிஷம் வச்சா ஆகாதா?"

சூடாகும், மொறுமொறுப்பாகாது. போன மாட்டுப் பொங்கலன்று மிஞ்சிய வடைகளை வைத்து இதை ஒரு தடவை பார்த்தேன். மூன்று வடை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 கிராம். ஒன்று 180 டிகிரி ஓவனில் 7 நிமிடம், ஒன்று தோசைக்கல்லில், ஒன்று மைக்ரோவேவில் 50 வினாடி. எடுத்து எடை போட்டால் ஓவன் வடை 37 கிராம், கல் வடையும் அதே. மைக்ரோவேவ் வடை 38. அதாவது மைக்ரோவேவ் வடையும் கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீரை இழந்திருக்கிறது, ஆனால் தோல் ஈரத்துணி மாதிரி தொங்கியது. பத்து நிமிடம் கழித்து மற்ற இரண்டும் ஆறி இறுகின, இது உள்ளே கல்லாகவும் வெளியே தோலாகவும் ஆகியிருந்தது.

எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைவிட எங்கிருந்து போகிறது என்பதுதான் விஷயம். ஓவனில் சுற்றியிருக்கும் காற்றே சூடு. முதலில் தோல் காய்ந்து, அதன் சூடு நூறு டிகிரியைத் தாண்டிப் போகும், உள்ளே அப்புறம்தான் சூடாகும். மைக்ரோவேவ் தண்ணீர் எங்கே அதிகமோ அங்கே சூடாக்குகிறது, அதாவது வடையின் உள்ளே. அங்கே கிளம்பும் ஆவி தோல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும், வெளியே காற்றோ சூடில்லாமல் இருக்கிறது. வருகிற ஆவி தோலிலேயே தங்கி நனைத்துவிடும்.

"அப்படின்னா நமுத்துப்போன அப்பளம் மட்டும் மைக்ரோவேவ்ல எப்படி மொறுமொறுன்னு வருது?"

நல்ல கேள்வி, இதைக் கேட்டவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். முதல் பதிலில் சொன்ன இரண்டு ரகம் ஞாபகம் இருக்கட்டும். அப்பளத்துக்கு உள்ளே என்று ஒன்றும் இல்லை, எல்லாமே தோல்தான். காற்றிலிருந்து ஏறிய கொஞ்சம் ஈரம், மெல்லிய தகட்டிலிருந்து இரண்டு பக்கமும் சட்டென்று போய்விடுகிறது. பின்னாலிருந்து தண்ணீர் அனுப்ப ஆளில்லை. 15, 20 வினாடி வைத்து வெளியே எடுத்து ஆறவிட்டால் உடையும். சிப்ஸுக்கும் இதே கணக்கு.

முறுக்கையும் இப்படிச் செய்யலாமா என்றால், செய்யலாம், நாலைந்து மட்டும், 20 வினாடி வீதம். ஈரம் குறைவாகவும் எண்ணெய் அதிகமாகவும் இருக்கும் பண்டம் சில இடத்தில் மட்டும் திடீரென்று கருகும், வெளியே தெரியாமல் உள்சுற்றில் கருகியிருக்கும். டப்பா நிறைய இருந்தால் ஓவனுக்கே போங்கள்.

"ஃப்ரிட்ஜ்ல வச்ச வடை வெளிய மெத்துன்னும் உள்ள கட்டியாவும் இருக்கு. இது என்ன ரெண்டும் கெட்டான்?"

குளிரில் உள்ளே இருக்கும் மாவு இறுகிவிடுகிறது. பழைய சோறு ஃப்ரிட்ஜில் விறைப்பதும் இதே காரணம்தான். நல்ல வேளை, நடுப்பகுதி 70 டிகிரி வரை சூடேறினால் அது மறுபடி இளகிவிடும். ஆனால் நேராக 180-இல் வைத்தால் நடு சூடாவதற்குள் தோல் கறுத்துவிடும்.

அதனால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் அரை மணி நேரம் வெளியே வைத்துக் குளிர் விடட்டும். அப்புறம் 150 டிகிரியில் 8 நிமிடம், நடு சூடாவதற்காக. பிறகு சூட்டை 200-க்கு ஏற்றி 3 நிமிடம், தோலுக்காக. ஒரு வடையைப் பிட்டுப் பாருங்கள். ஆவி வந்து உள்ளே பஞ்சாகப் பிரிந்தால் சரி. மைக்ரோவேவுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமென்றால் இங்கே கொடுக்கலாம். 20 வினாடி அதில் வைத்து நடுவைச் சூடாக்கி, உடனே தோசைக்கல்லுக்கு மாற்றி தோலைக் காயவிடுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால், அதாவது கல்லில் மொறுமொறுப்பாக்கிவிட்டு மைக்ரோவேவில் வைத்தால், எல்லாம் போச்சு.

"சமோசா, போண்டா, வாழைக்காய் பஜ்ஜி எல்லாத்துக்கும் இதே அளவுதானா?"

சமோசாவுக்குச் சூடு குறைவு, நேரம் அதிகம். தோல் தடிப்பு, உள்ளே உருளைக்கிழங்கு மசாலா முழுக்க ஈரம். 160 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பி. கூரான மூன்று முனையும் முதலில் சிவக்கும், அதைப் பார்த்துப் பயந்து எடுத்துவிடாதீர்கள், மடிப்பு சேரும் இடம் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வெங்காயச் சமோசா தோல் மெல்லியது, அதற்கு 7 நிமிடமே அதிகம்.

உருளைக்கிழங்கு போண்டா ஃப்ரிட்ஜ் வடை மாதிரி, இரண்டு கட்டமாக. மைசூர் போண்டாவை மறுசூட்டுக்கு நம்ப வேண்டாம், அது சூடாகும், அவ்வளவுதான். வெங்காயப் பக்கோடா அதிகம் காய்ந்தது, 170-இல் 5 நிமிடத்தில் புதுசு மாதிரி வரும்.

பஜ்ஜிதான் தலைவலி. வாழைக்காயோ கத்திரிக்காயோ வெந்த காய் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், கடலை மாவுத் தோலோ மெல்லியது, சோடா உப்பு போட்டிருந்தால் இன்னும் பஞ்சு. 190 டிகிரியில், வலைமேல், 5 நிமிடம் வைத்து எடுத்து அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் தின்றுவிட வேண்டும். மிளகாய் பஜ்ஜி பரவாயில்லை. வெங்காய பஜ்ஜியை நான் மறுசூடு செய்வதே இல்லை.

"பேசாம எண்ணெயிலயே மறுபடி ஒரு தடவை போட்டு எடுத்துட்டா?"

தோலைப் பொறுத்தவரை இதுதான் கச்சிதமான வழி, டீக்கடைகளில் மதியம் சுட்டதைச் சாயங்காலம் இப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், 185 டிகிரி அளவுக்கு. ஒரு துளி மாவு போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும். முக்கால் நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம். எண்ணெய் காயாமல் போட்டால் ஆவி வெளியேறும் வேகம் போதாமல், வடை பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும்.

எண்ணெய் இன்னும் கொஞ்சம் ஏறும் என்பதும், நாலு வடைக்காக அரை லிட்டர் எண்ணெயை மறுபடி காய்ச்ச வேண்டியிருக்கும் என்பதும்தான் இதில் சிக்கல். காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் கெடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்று ஓர் அளவே வைத்திருக்கிறது, கெட்டுப்போன பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது. கறுத்து, கெட்டியாகி, சூடேறும்போதே புகைந்து, நுரை அடங்காமல் நின்றால் கொட்டிவிட வேண்டியதுதான்.

"ஓவன்ல வைக்கறதுக்கு முன்னாடி மேல கொஞ்சம் எண்ணெய் தடவணுமா?"

பொரித்த பண்டத்துக்கு வேண்டாம். தோசைக்கல்லில் பார்த்தோமே, அதற்குத் தேவையான எண்ணெய் அதற்குள்ளேயே இருக்கிறது. மேலே தடவினால் எண்ணெய்ப் பிசுக்குத்தான் மிஞ்சும். ஓவனில் வைக்கும் முன் ஒரு சமையலறைக் காகிதத்தால் தோலை ஒற்றி எடுப்பது நல்லது, மேலே இருக்கும் ஈரமும் பிசுக்கும் போகும். செய்தித்தாளால் ஒற்றாதீர்கள், அச்சு மை ஒட்டும். எண்ணெய் குறைவாக வறுத்த அல்லது சுட்ட பண்டங்களுக்கு மட்டும் கொஞ்சம் வேண்டும், அது அடுத்த இரண்டு பதிலில்.

"உருளைக்கிழங்கு ரோஸ்ட் மறுநாள் களி மாதிரி ஆயிடுது. அதை மீட்க முடியுமா?"

முடியும், ஆனால் கிளறாமல் இருக்கத் தெரிய வேண்டும். இரும்பு வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் காய்ந்ததும், கிழங்குத் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, மூன்று நிமிடம் தொடவே கூடாது. கரண்டி கையில் இருந்தால் கிளறத்தான் தோன்றும், கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அடியில் தோல் காய்ந்து வாணலியைவிட்டுத் தானே விலகும்போது தோசைத்திருப்பியால் ஒரு தடவை புரட்டி, இன்னும் மூன்று நிமிடம். மிளகாய்த்தூள் ஏற்கெனவே இருப்பதால் தீ நடுத்தரமாகவே இருக்கட்டும், தூள் கருகினால் தொண்டையைக் கமறும்.

வெங்காயம், தக்காளி போட்ட மசாலாக் கறி இப்படி வராது. அதில் ஈரம் குழம்பாகவே இருக்கிறது.

"கோழி ரோஸ்ட், சிக்கன் 65 மிஞ்சிடுச்சு. சூடு பண்ணா நார் நாராயிடுது, தோலும் மொறுமொறுப்பா வரல."

நான் சைவப் பலகாரம்தான் விற்கிறேன், வீட்டில் கோழி உண்டு. இங்கே மொறுமொறுப்புக்கு முன்னால் பார்க்க வேண்டியது கெட்டுப்போகாமல் இருந்ததா என்பது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும், நம் ஊர் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. ராத்திரி முழுக்க மேசையில் இருந்த கோழியை எத்தனை டிகிரியில் சூடாக்கினாலும் பத்திரமில்லை, சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு சூட்டில் அழியாது. ஃப்ரிட்ஜில் இருந்ததென்றால் மூன்று, நாலு நாளுக்குள், ஒரே தடவை, நடுப்பகுதி 74 டிகிரி தொடும்வரை சூடாக்க வேண்டும்.

எலும்போடு இருக்கும் பெரிய துண்டுக்கு: ஒரு தட்டில் வைத்து இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, ஃபாயிலால் மூடி, 160 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். இங்கே மட்டும் மூடுகிறோம், ஏனென்றால் கறி காயாமல் உள்ளே சூடு போக வேண்டும். நடு சூடானதும் ஃபாயிலை எடுத்து, தோலை ஒற்றி, லேசாக எண்ணெய் தடவி, 220 டிகிரியில் 5 நிமிடம். அல்லது காய்ந்த கல்லில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் கரண்டியால் அழுத்திப் பிடியுங்கள். முதலிலிருந்தே திறந்து 200-இல் அரை மணி நேரம் வைப்பதால்தான் நார் நாராகிறது.

சிக்கன் 65 சின்னத் துண்டு, மூட வேண்டாம். 190 டிகிரி, வலைமேல், 6 முதல் 8 நிமிடம். பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள், நடுவில் குளிர்ச்சி இருக்கக் கூடாது.

"ஏர் ஃப்ரையர் வாங்கிட்டோம். அதுக்கு என்ன கணக்கு?"

அது விசிறி வைத்த சின்ன ஓவன். காற்று வேகமாகச் சுற்றுவதால் ஈரத்தை அடித்துக்கொண்டு போய்விடும், இந்த வேலைக்கு அதைவிட நல்ல சாதனம் இல்லை. மேலே ஓவனுக்குச் சொன்ன சூட்டில் 10, 20 டிகிரி குறைத்து, நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். மெதுவடைக்கு 165 டிகிரி, 5 நிமிடம். கூடையை நிரப்பிவிட்டால் காற்றுக்கு வழியில்லாமல் போகும். அப்பளத்தையும் கறிவேப்பிலையையும் விசிறி தூக்கிக் கம்பியில் ஒட்டிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சூடு பண்ணி பையனுக்கு லஞ்ச் டப்பால வச்சேன். மத்தியானம் மறுபடி நமுத்துப்போச்சுங்கறான்."

நமுக்காமல் என்ன செய்யும்? மறுசூடு ஈரத்தைத் தோலிலிருந்து விரட்டுகிறது, உள்ளே இருக்கும் தண்ணீர் அங்கேயேதான் இருக்கிறது. வடைக்கு இப்படிக் கிடைக்கும் மொறுமொறுப்பு கால் மணி நேரம், மிஞ்சிப் போனால் அரை மணி நேரம். இரண்டாம் தடவை முதல் தடவையைவிடச் சீக்கிரம் நமுக்கும். மூன்றாம் தடவை சூடாக்கினால் உள்ளே வறட்டியாகிவிடும்.

டப்பாவுக்கு மசால் வடை, பக்கோடா, தட்டை கொடுத்தனுப்புங்கள். கம்பி வலையில் முழுக்க ஆறவைத்து, அடியில் காகிதம் போட்டு, தனி டப்பாவில். சாம்பார் சாதத்தோடு ஒரே டப்பாவில் வைத்தால் அந்த ஆவியே போதும்.

"நாளைக்கு விசேஷம். இன்னைக்கே சுட்டு வச்சா, இந்தத் தொல்லை இல்லாம இருக்க ஏதாவது வழி இருக்கா?"

முழுசாகச் சுட்டு மறுபடி சூடாக்குவதைவிட, முக்கால் பதத்தில் நிறுத்திவிடுவது நல்லது. மெதுவடையை உள்ளே வெந்து, வெளியே வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே எடுத்து, ஆறவைத்து, காகிதம் விரித்த டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நாளை பந்திக்குக் கால் மணி நேரம் முன்னால் குளிர் விட்டதும் நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஒன்றரை நிமிடம். அந்த நேரத்தில்தான் முதல் தடவையாகத் தோல் சிவக்கிறது, அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மாவில் ஒரு கிலோ உளுந்துக்கு இரண்டு கைப்பிடி பச்சரிசி மாவு சேர்த்தால் தோல் கூடுதல் நேரம் நிற்கும்.

கோழியில் இந்த அரைவேக்காட்டு வேலை கூடாது. அது முதல் தடவையே முழுசாக வேக வேண்டும்.

"முறுக்கு மொறுமொறுப்பா வந்துடுச்சு, ஆனா ஒரு மாதிரி வாடை அடிக்குது. இன்னும் கொஞ்சம் சூடு காட்டவா?"

வேண்டாம், அது சிக்கு வாடை. எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போனதால் வருவது, ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சூடு காட்டினால் இன்னும் கூடும். நமுத்ததை மீட்கலாம், சிக்கு பிடித்ததைக் குப்பையில்தான் போட வேண்டும். சூடாக்கும் முன்னாலேயே டப்பாவைத் திறந்ததும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டால் மின்சாரமாவது மிஞ்சும்.

"எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன் அக்கா. வடை கல்லாயிடுச்சு. தூக்கிப் போட்டுறவா?"

ஊசிப்போன வாடையோ நூல் மாதிரி பிசுபிசுப்போ இல்லையென்றால் போட வேண்டாம். கொதிக்கும் வெந்நீரில் இரண்டு நிமிடம் ஊறவிட்டு, உள்ளங்கையில் வைத்து மெதுவாகப் பிழிந்து, கொதித்து இறக்கிய மிளகு ரசத்தில் போட்டு மூடிவிடுங்கள். இருபது நிமிடத்தில் ரசவடை. மொறுமொறுப்பாக இருந்த வடையைவிடக் கல்லாய்ப்போன வடைதான் ரசத்தில் கரையாமல் நிற்கும்.